தாள் சமன்பட்டாலும் மறையும் பிழை: பணப்பாய்வு அறிக்கையில் செலுத்திய வரியைக் கணித்தல்

பணப்பாய்வு அறிக்கையில் 'செலுத்திய வருமான வரி' என்ற வரிக்குப் பாடநூல்கள் தரும் வழி எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் செலுத்த வேண்டியிருந்த வரியோடு அவ்வாண்டின் வரிச் செலவைக் கூட்டி, ஆண்டிறுதியில் செலுத்த வேண்டிய வரியைக் கழித்தால் மிஞ்சுவது செலுத்திய தொகை. தேர்வுத்தாளுக்கு இது போதும். ஆனால் இந்திய நிறுவனமொன்றின் உண்மையான இருப்புநிலைக் குறிப்பில் இதை அப்படியே போட்டால் பெரும்பாலும் தவறான விடையே வரும். அறிக்கை சமன்படுவதால் அந்தத் தவறு வெளியே தெரிவதும் இல்லை. இக்கட்டுரை கவலைப்படுவது இந்த இரண்டாவது செய்தி பற்றித்தான்.

ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் லட்சம் ரூபாயில். தொடக்கத்தில் நடப்பு வரிப் பொறுப்பு 42, இறுதியில் 27. இலாப நட்டக் கணக்கில் மொத்த வரிச் செலவு 190. சூத்திரப்படி 42 + 190 − 27 = 205. ஆனால் சலான்களையும் வங்கிக் கணக்கையும் படிவம் 26ஏஎஸ்ஸையும் புரட்டினால் வேறு கதை. முன்கூட்டிய வரி 130, பிறர் பிடித்தம் செய்து கட்டிய டிடிஎஸ் 20, முந்தைய ஆண்டுக்கான சுயமதிப்பீட்டு வரி 30. திரும்பப் பெற்ற வரி 8. நிகரம் 172 மட்டுமே.

இடையிலுள்ள 33 எங்கிருந்து வந்தது? 190இல் 25 ஒத்திவைக்கப்பட்ட வரி. தேய்மானத்தை வரிச் சட்டம் ஒரு விதமாகவும் கணக்கேடு வேறு விதமாகவும் கணக்கிடுவதால் எழும் பதிவு அது. அரசுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. மீதி 8 சொத்துப் பக்கத்தில் இருக்கிறது. வெவ்வேறு ஆண்டுகளின் வரியை ஒன்றோடொன்று எப்போதும் நேர்செய்துவிட முடியாது. அதனால் ஓர் ஆண்டின் பாக்கி பொறுப்பாகவும், மற்றோர் ஆண்டின் மிகைக்கட்டணம் வரிச் சொத்தாகவும் ஒரே இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும். இங்கே அந்தச் சொத்து 15இலிருந்து 7ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே தொடக்க நிகரப் பொறுப்பு 27, இறுதியில் 20, நடப்பு வரி 165. 27 + 165 − 20 = 172. ஆவணங்கள் காட்டிய நிகரமும் இதுவே.

205 என்று எழுதியவர் ஏன் பிடிபடுவதில்லை? ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு கூடிய 25ஐ 'பிற பொறுப்புகளின் அதிகரிப்பு' என்றும், வரிச் சொத்து குறைந்த 8ஐ 'பிற சொத்துகளின் குறைவு' என்றும் நடைமுறை மூலதன மாற்றத்தில் சேர்த்துவிடுவார். வரியில் மிகையாகக் கழித்த 33 அங்கே கூட்டலாகத் திரும்பி வந்துவிடும். செயல்பாட்டுப் பணப்பாய்வின் மொத்தம் சரி, இறுதி ரொக்க இருப்பும் சரி. பிழையான இரண்டு வரிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சமன்பாட்டை மட்டும் பார்க்கும் தணிக்கை இதை ஒருநாளும் கண்டுபிடிக்காது.

டிடிஎஸ் சற்று வில்லங்கமானது. அந்த 20 நிறுவனத்தின் வங்கிக்கு வந்ததும் இல்லை, அங்கிருந்து போனதும் இல்லை. அதில் 16 வாடிக்கையாளர்கள் பிடித்தது. அதை வரியாகக் காட்டினாலும், வசூலில் குறைத்துக் காட்டினாலும் இரண்டும் செயல்பாட்டுப் பிரிவுக்குள்ளேயே அடங்குவதால் மொத்தம் மாறாது. மீதி 4 வைப்புத்தொகை வட்டி 40இல் வங்கி பிடித்த பத்து விழுக்காடு. வட்டி வரவு முதலீட்டுப் பிரிவில் வருவதால் இங்கே மொத்தமே மாறும். வட்டியை 40 என்று காட்டினால் வரி 172. 36 என்று காட்டினால் வரி 168. செயல்பாட்டுப் பணப்பாய்வு 4 உயரும். வட்டியை 36 ஆக்கிவிட்டு வரியை 172லேயே விடுவதுதான் நடைமுறையில் நேரும் குளறுபடி. முதலீட்டோடு தெளிவாக இனங்காண முடிந்த வரியை அப்பிரிவிலேயே காட்ட இண்ட் ஏஎஸ் 7 இடமளிக்கிறது. ஆனால் அப்படி இனங்காண்பது பெரும்பாலும் நடைமுறையில் இயலாது என்றும் அதுவே சொல்கிறது. பிடித்த 4 முழு ஆண்டு வரிக்கு எதிரான வரவேயன்றி, அந்த வட்டிக்கான இறுதி வரி அல்ல. எனவே 40, 172 என்று மொத்தமாகக் காட்டுவதே பொருத்தம் என்பது என் முடிவு.

இன்னொரு சிறு சோதனை. திரும்பி வந்த வரியோடு துறை தந்த வட்டி 1 சேர்ந்து வங்கியில் 9 வரவாகியிருக்கும். அந்த 1 பிற வருமானத்தில் பதிவானதால் வரிக் கணக்கைத் தொடவில்லை. வங்கிக்கும் சூத்திரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட வரித் தொகையை 171 ஆக்குவது தவறு.

சூத்திரம் தருவது மீதித் தொகைதான். அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆண்டுவாரியான வரி அட்டவணை ஒன்றைச் சலான்களோடும் படிவம் 26ஏஎஸ்ஸோடும் ஒப்பிட்டு, அதன் விடையும் சூத்திரத்தின் விடையும் ஒன்றாகாதவரை அந்த வரியில் தணிக்கையாளர் கையெழுத்திடக் கூடாது.