பொதுமைக் கூற்று

‘பறவை பறக்கும்’, ‘நாய் குரைக்கும்’, ‘ஆறு ஓடும்’ என்பவை போல, ஓர் இனத்தின் இயல்பை எண்ணிக்கை ஏதும் சொல்லாமல் உரைக்கும் கூற்று பொதுமைக் கூற்று எனப்படும். ‘எல்லாப் பறவையும் பறக்கும்’ என்பதிலிருந்து இது வேறுபட்டது. எல்லாம் என்று சொல்லிவிட்டால் ஒரு நெருப்புக்கோழியே அந்தக் கூற்றைப் பொய்யாக்கப் போதும். ‘பறவை பறக்கும்’ என்பதையோ நெருப்புக்கோழி, பென்குயின், இறகு முளைக்காத குஞ்சு ஆகிய எதுவும் அசைப்பதில்லை. சொன்னவரிடம் நெருப்புக்கோழியைக் காட்டினால், ‘ஆமாம், அது பறக்காது’ என்று ஒப்புக்கொண்டு, முன்பு சொன்னதையும் விடாமல் வைத்துக்கொள்வார். அவர் முரண்படவில்லை.

மதுரைக்காரர்களுக்கு வைகையே இதற்குச் சான்று. நகரை ஒட்டிய வைகைப் படுகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையிலிருந்து, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கென்றே தண்ணீர் திறந்துவிடுவதுண்டு. நாள் கணக்கு பார்த்தால் வைகை ஓடாத நாள்களே மிகுதி. அதனால் ‘ஆறு ஓடும்’ என்பது பொய்யாகிவிடுவதில்லை. ஓடுவது ஆற்றின் இயல்பு. வறண்டு கிடப்பதற்குத்தான் காரணம் தேடுகிறோம். ஆகவே, பொதுமைக் கூற்றை எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்க முடியாது.

தமிழ் இலக்கணம் இதை வெகு முன்பே கவனித்திருக்கிறது. மூன்று காலத்திலும் ஒத்திருக்கும் இயல்பை எந்தக் காலத்து வினையால் சொல்வது என்ற கேள்வியைத் தொல்காப்பிய வினையியல் எழுப்புகிறது. நிகழ்காலத்துக்குரிய, ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பது அதன் விடை. மலை நிற்பதும் ஆறு ஓடுவதும் இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. பவணந்தியின் நன்னூலும் இவ்விதியை ஏற்று நிகழ்காலத்தையே சொல்கிறது. இன்றைய பேச்சில் ‘நாய் குரைக்குது’ என்றால் வாசலில் ஒரு நாய் நிற்கிறது. ‘நாய் குரைக்கும்’ என்றால் எந்த நாயும் அங்கே இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் யாரும் கற்றுத்தராமலே பிடித்துக்கொள்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் இதைவிட நுட்பமான ஓரிடம் உண்டு. பல பொருள்கள் கலந்திருக்கும் ஒன்றை அவற்றுள் ஒன்றன் பெயரால் அழைப்பதற்குத் தலைமை, பன்மை என இரண்டு காரணங்களை அது தருகிறது. தோட்டத்தில் வாழையும் தென்னையும் இருந்தாலும், கமுகு முதன்மையானது என்றால் அது கமுகந்தோட்டம், இது தலைமை. காட்டில் பலவகை மரங்கள் இருந்தாலும், ஒடுமரம் மிகுதி என்றால் அது ஒடுவங்காடு, இது பன்மை. அந்த விதி பெயரிடுதலைப் பற்றியது, கூற்றைப் பற்றியது அன்று. ஆனாலும், சில பொதுமைக் கூற்றுகள் மிகுதியை நம்பியும் சில முதன்மையை நம்பியும் நிற்கின்றன என்று இக்கால ஆய்வாளர்கள் பிரிப்பது இதே கோட்டில்தான். நாய் குரைப்பது மிகுதி. ‘கொசு மலேரியாவைப் பரப்பும்’ என்பதில் மிகுதி அறவே இல்லை. அனாபிலஸ் வகையைச் சேர்ந்த பெண் கொசுக்களுள், அதுவும் ஒட்டுண்ணி தொற்றியவை மட்டுமே பரப்புகின்றன. ஆனால் ஆபத்து பெரிது என்பதால் அந்தச் செய்தி முந்திக்கொண்டு முழு இனத்தின் மேலும் ஏறிவிடுகிறது.

விதிவிலக்கைத் தாங்காத கூற்றுக்கும் தமிழில் பழைய மரபு உண்டு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, எனவே நெருப்பு உண்டு என்று முடிவு கட்ட வேண்டுமானால், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு இருக்க வேண்டும். காட்டிய காரணம் எதிர்ப்பக்கத்திலும் காணப்பட்டால் அது அநைகாந்திகம் என்னும் பிழை. தருக்க நூலார் கேட்பது இந்த ‘எல்லாம்’ தான். ‘நாய் குரைக்கும்’ என்பதை வைத்துக்கொண்டு ‘இந்த நாயும் குரைக்கும்’ என்று உறுதி கூற முடியாது, எதிர்பார்க்கத்தான் முடியும்.

இந்த எல்லை மீறப்பட்டபோது என்ன நடந்தது என்பதை மதுரைக்கு மேற்கே உள்ள கள்ளர் நாடு அறியும். பிரித்தானிய அரசு 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ‘இவர்கள் திருடுவார்கள்’ என்று ஆட்சியாளர்களிடம் புழங்கிய பொதுப்பேச்சு, பிறமலைக் கள்ளர் சமூகத்தில் ஒவ்வொருவர் மேலும் பாயும் ஆணையாயிற்று. குற்றம் ஏதும் செய்யாத ஆண்களும் பெயரைப் பதிந்து, கைரேகை வைத்து, இரவில் காவலர் முன் ஆஜராக வேண்டியிருந்தது. ஊர்மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சட்டத்தின் பார்வையில் விதிவிலக்கு என்று ஒருவர் தாமாக நிற்க இடமில்லை. திருடாதவர் என்பதற்கு அவர் காட்டும் வாழ்க்கையே சான்றாகக் கொள்ளப்படவில்லை, பிறப்பே போதுமானதாயிற்று.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் பதிவுக்கு மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். மதுரையில் வாழ்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்தச் சமூகத்துக்காக வாதாடினார். சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது 1947-இல்தான்.

மொழியியலில் பொதுமைக் கூற்றுகள் தனித்துறையாக வளர்ந்ததற்கு கிரெகரி கார்ல்சன் 1977-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு பெரிய காரணம். ‘நாய்’ என்னும் சொல் இங்கே தனித்தனி நாய்களை அன்றி, நாய் என்னும் இனத்தையே சுட்டுகிறது என்று அவர் வாதிட்டார். 1980-இல் ரேமண்ட் ரைட்டர், ‘மாறான செய்தி வராதவரை இப்படிக் கொள்’ என்னும் வகை அனுமானத்துக்குத் தருக்க வடிவம் தந்தார். ஒரு பறவை என்று மட்டும் தெரிந்தால் பறக்கும் என்று கொள்ளலாம். பென்குயின் என்று தெரிந்ததும் அதைக் கைவிடலாம். கைவிட ஆயத்தமாக இருப்பதே இம்முறையின் உயிர்நாடி. கைரேகைச் சட்டம் இதற்குத்தான் வழியே வைக்கவில்லை.

பின்னர் வந்த உளவியல் சோதனைகள் இன்னொரு சாய்வைக் காட்டின. ஆண்ட்ரே சிம்ப்பியனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனை விலங்குகளைப் பற்றிய பொதுமைக் கூற்றுகளைச் சிலர் முன் வைத்தார்கள். குறைந்த விழுக்காட்டு விலங்குகளிடம் மட்டுமே அந்தப் பண்பு இருந்தபோதும் பலர் கூற்றை உண்மை என ஏற்றார்கள். ஆனால், கூற்றை மட்டும் சொல்லி எத்தனை விலங்குகளிடம் அப்பண்பு இருக்கும் என்று கேட்டபோது, ஏறத்தாழ எல்லாவற்றிடமும் என்பது போல விடை வந்தது. ஏற்பதற்குச் சிறிது சான்று போதும்; ஏற்றபின் பெரிய முடிவு பிறக்கிறது. ஆபத்தான பண்பைச் சொல்லும்போது இந்த இடைவெளி இன்னும் கூடியது.

2012-இல் மார்ஜரி ரோட்ஸ், சாரா-ஜேன் லெஸ்லி, கிறிஸ்டினா ட்வோரெக் ஆகியோர் இதை மனிதக் குழுவுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ‘சார்ப்பி’ என்னும் கற்பனை மக்களைப் பற்றிய படக்கதையைச் சிலருக்கு ‘சார்ப்பிகள் இப்படிச் செய்வார்கள்’ என்றும், மற்றவர்களுக்கு ‘இந்தச் சார்ப்பி இப்படிச் செய்கிறார்’ என்றும் படித்துக் காட்டினார்கள். முதல் வகையில் கேட்ட நான்கு வயதுக் குழந்தைகளும் பெரியவர்களும், அந்தப் பழக்கங்கள் பிறப்பிலேயே வந்தவை, மாறாதவை என்று நம்பும் போக்கை அதிகம் காட்டினார்கள். இரண்டு கதைகளிலும் படங்கள் ஒன்றே.