உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்

போராலோ பரவலான வன்முறையாலோ, மனித உரிமை மீறலாலோ, இயற்கையாலோ மனிதராலோ நேரும் பேரிடராலோ தம் வீட்டையும் வழக்கமான வாழிடத்தையும் விட்டு ஓட நிர்ப்பந்திக்கப்பட்டும், சர்வதேச அங்கீகாரம் பெற்ற எல்லை எதையும் கடவாதவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் எனப்படுவர். எல்லையைக் கடந்து, துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் அடைக்கலம் தேடுவோருக்கு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை துணை நிற்கிறது. கடவாதவரோ, எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும், தம் நாட்டின் பிரஜைகளாகவே நீடிக்கின்றனர். ஆகையால் அவரைக் காக்கும் முதற்பொறுப்பு அவருடைய சொந்த அரசையே சார்கிறது; பல சமயங்களில் அவரை ஓடச் செய்ததும் அதே அரசாகவோ, அது அடக்க இயலாத ஆயுதக் குழுவாகவோ இருப்பதே இவ்விஷயத்தின் தீராத சிக்கலாகும்.

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் 1992இல் தம் பிரதிநிதியாக நியமித்த சூடான் நாட்டு அறிஞர் பிரான்சிஸ் டெங், சட்ட வல்லுநர் குழுவொன்றின் உதவியுடன் உருவாக்கிய 30 வழிகாட்டு நெறிகள், 1998இல் மனித உரிமை ஆணையத்தின் முன் வைக்கப்பட்டன. இவை அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை அல்ல. முன்னமே அரசுகளைக் கட்டுப்படுத்திவந்த மனித உரிமைச் சட்டத்தையும் போர்க்கால மனிதாபிமானச் சட்டத்தையும் இம்மக்களின் நிலைமைக்கேற்பத் தொகுத்துரைத்தவை. பாதுகாப்பும் உதவியும் அளிப்பது தேசிய அதிகாரிகளின் முதற்கடமை என்று 3ஆம் நெறி கூறுகிறது. எவரையும் தன்னிச்சையாகப் பெயர்க்கலாகாது என்பது 6ஆம் நெறி. வெளியார் உதவ முன்வருவதைப் பகைமைச் செயலாகக் கருதுதல் கூடாது, தக்க காரணமின்றிச் சம்மதம் மறுத்தலும் ஆகாது என்பது 25ஆம் நெறி. தவிர்க்கவே இயலாத அசாதாரண நிலையிலன்றி இம்மக்களை முகாமில் அடைத்து வைக்கலாகாது என்பதும் இந்நெறிகளில் ஒன்றே. ஆயினும் 2009இல் இலங்கையின் வன்னியிலிருந்து வந்தோரை மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் பல மாதங்கள் நிறுத்திவைத்தபோது, அதைத் தடுத்து ஆணையிடும் அதிகாரம் எந்தச் சர்வதேச மன்றத்துக்கும் இந்நெறிகளால் கிட்டவில்லை.

எனவே இந்நெறிகளுக்கு உயிர் கிட்டுமிடம் உள்நாட்டு நீதிமன்றமே என்று கொள்ளலாம்; அதற்குக் கொலம்பியாவே தெளிவான சான்று. கிளர்ச்சிப் படைகளும் துணைப்படைகளும் அரசும் நிலத்துக்கும் ஆதிக்கத்துக்கும் பொருத அந்நாட்டில், உழவரும் ஆதிகுடிகளும் ஆப்பிரிக்க வழி வந்தோரும் நகரங்களின் ஓரத்துக் குன்றுச் சரிவுகளில் வந்து குடியேறினர். வழிகாட்டு நெறிகள் வெளிவருவதற்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1997இல், 387ஆம் சட்டம் இவர்களுக்கு மூன்று மாத அவசர உதவியையும், அசாதாரண நிலையில் மேலும் மூன்று மாத நீட்டிப்பையும் வாக்களித்தது. ஆனால் உதவி பெற, நேர்ந்ததை அதிகாரியிடம் வாக்குமூலமாக அளித்துப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பதிந்தவர்களும் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கு மேலும், காத்திருந்தனர். சட்டம் நன்றாயிருந்தது, அதை நடத்தப் பணமும் ஆளும் ஒதுக்கப்படவில்லை.

அடிப்படை உரிமை பறிபோனால் எவரும் எளிதாகத் தொடுக்கக்கூடிய 'துத்தேலா' என்னும் மனு அந்நாட்டில் உண்டு. 1,150 குடும்பங்களின் 108 மனுக்களை ஒன்றுசேர்த்து, 2004 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் டி-025 என்ற தீர்ப்பை வழங்கிற்று. தனித்தனி மனுதாரருக்கு நிவாரணம் சொல்லி முடிப்பதோடு நில்லாமல், நாடு முழுவதும் நிலவியது 'அரசியலமைப்புக்கு முரணான நிலைமை' என்று அது பிரகடனம் செய்தது. தேவைப்படும் தொகை எவ்வளவு, ஒதுக்கியது எவ்வளவு, இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதைக் குறித்த தவணைக்குள் அரசு நிர்ணயிக்க வேண்டும். இயலாதெனில், கைவிடும் இலக்கை வெளிப்படையாகக் கூறி, கொள்கையைத் திருத்தியமைக்க வேண்டும். எவ்வாறாயினும் உயிர்வாழ்வு, மருத்துவம், 15 வயது வரை கல்வி, குடும்ப ஒற்றுமை போன்ற குறைந்தபட்ச உரிமைகளில் கை வைத்தல் ஆகாது என்றது. முதியோருக்கும், தனியே குழந்தைகளைக் காக்கும் தாய்மாருக்கும் மூன்று மாத வரம்பை இயந்திரம்போல் பொருத்தலாகாது என்றும் விதித்தது. துத்தேலா தொடுத்தவர்க்கு மட்டும் உதவி வழங்கும் வழக்கம் அலுவலகங்களில் வேரூன்றியிருந்தமையால், அதையும் நிறுத்தச் சொல்லிற்று. வழக்காடத் தெரியாதவன் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவதைவிடக் கொடிய அநீதி வேறு என்ன?

இத்தீர்ப்பின் தனிச்சிறப்பு, நீதிமன்றம் வழக்கைக் கைவிடாமல் தன் மேற்பார்வையிலேயே வைத்துக்கொண்டதாகும். பின்னர் பிறந்த தொடர் ஆணைகள் 2008இல் பெண்களையும் 2009இல் ஆதிகுடிகளையும் தனித்தனியே கருதின. ஒதுக்கீடும் கணிசமாக உயர்ந்தது. ஆயினும் உணவும் கூரையும் கொடுத்துவிட்டால் இடம்பெயர்வு முடிவதில்லை. தம் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் திரும்பவோ, வேறிடத்தில் நிலைபெறவோ வழி செய்வதும், இழந்த சொத்தை மீட்கவோ ஈடுபெறவோ உதவுவதும் 28, 29ஆம் நெறிகளின்படி அரசின் கடமையே. 2011இன் 1448ஆம் சட்டம், உழவர் நிலத்தோடு தமக்கிருந்த தொடர்பையும் அதைப் பறிகொடுத்ததையும் முதனிலையில் காட்டினால் போதும், எதிர்ப்பவரே தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்று நிரூபணச் சுமையை மாற்றியது. ஆனால் நிலத்தைப் பறித்தவர்களின் ஆயுதம் பல வட்டாரங்களில் ஓயாமையால், மீட்புக் கோரிய தலைவர்கள் சிலர் கொல்லப்பட்டனர். தீர்ப்பைக் கையில் பெற்றும் ஊர் திரும்ப அஞ்சியவர்கள் பலர்.

உள்நாட்டு நீதிமன்றத்துக்கு அப்பாலும் இந்நெறிகள் வலுப்பெற்றதுண்டு. ஆப்பிரிக்க ஒன்றியம் 2009இல் கம்பாலாவில் ஏற்று, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, இந்நெறிகளைக் கண்டமளாவிய சட்டக் கடப்பாடாக ஆக்கிற்று. ஆயுதக் குழுக்களும் தன்னிச்சையாக மக்களைப் பெயர்க்கலாகாது என அது வெளிப்படையாகவே விலக்குகிறது.