உட்குலச் சோதனையும் உட்குலங்களின் சேர்ப்பும்

ஒரு குலத்தின் வெற்றற்ற உட்கணம் H உட்குலமா என்று அறிய ஒரே சோதனை போதும்: H-இல் எந்த a, b எடுத்தாலும் ab⁻¹ அதிலேயே இருக்க வேண்டும். இரு உட்குலங்களின் வெட்டு இதில் எப்போதும் தேறும். சேர்ப்பு பொதுவாகத் தேறாது. கூட்டலின் கீழ் முழு எண்களில் 2-இன் மடங்குகளும் 3-இன் மடங்குகளும் உட்குலங்கள். ஆனால் 3 − 2 = 1 இரண்டிலும் இல்லை.

காரணம் பொதுவானது. H, K என்ற உட்குலங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்காவிட்டால், H-இல் மட்டும் உள்ள h, K-இல் மட்டும் உள்ள k கிடைக்கும். சேர்ப்பு உட்குலமானால் hk அதில் இருந்தாக வேண்டும். hk H-இல் இருந்தால் h⁻¹(hk) = k-யும் H-இல் வந்துவிடும்; K-இல் இருந்தால் (hk)k⁻¹ = h-உம் K-இல் வந்துவிடும். இரண்டும் முரண். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கினால், சேர்ப்பு பெரிய உட்குலமே.