காஞ்சிக்குள் ஓடும் கட்டக்கோடு: அருகிலுள்ள ஆட்டோவைத் தேடும் முறை

பயணி அழைத்ததும் அருகிலுள்ள ஆட்டோவைக் கண்டுபிடிக்கும் சேவை, ஊரிலுள்ள எல்லா ஆட்டோக்களின் தூரத்தையும் கணக்கிடத் தேவையில்லை. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பயணி நிற்கும் கட்டத்தையும் அதை ஒட்டியவற்றையும் மட்டும் பார்த்தால் போதும். 2008இல் குஸ்தாவோ நீமெயர் வெளியிட்ட ஜியோஹேஷ் முறை, தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் மாறி மாறிப் பாதியாக்கி, ஐந்து பாதியாக்கலுக்கு ஓர் எழுத்து என இடத்துக்குக் குறியீடு தருகிறது. காஞ்சிபுரத்தில் ஐந்தெழுத்துக் கட்டம் ஏறத்தாழ 4.8 கி.மீ. பக்கமுள்ளது, ஆறெழுத்துக் கட்டம் கிழக்கு மேற்காக 1.2 கி.மீ., தெற்கு வடக்காக 0.6 கி.மீ.

குறியீடுகளின் முன்னெழுத்துகள் ஒத்திருந்தால் இடங்கள் அருகில் இருக்கும். ஆனால் அருகில் இருப்பவை ஒத்திருக்கும் என்று நம்பக் கூடாது. பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில் `tf29j` கட்டத்திலும், சுமார் 4 கி.மீ. தள்ளியுள்ள சின்ன காஞ்சிபுரத்து வரதராஜர் கோயில் `tf28y` கட்டத்திலும் விழுகின்றன. முதல் மூன்று எழுத்துகளே பொது. காரணம், 12.832 பாகை அட்சரேகையில் ஒரு கட்டக்கோடு நகரை ஊடறுத்துச் செல்கிறது. சொந்தக் கட்டத்தை மட்டும் தேடினால், கோட்டுக்கு ஐம்பது மீட்டர் தெற்கே நிற்கும் பயணிக்கு, நூறு மீட்டர் வடக்கே காத்திருக்கும் ஆட்டோ தெரியாது; மூன்று கி.மீ. தெற்கே உள்ளது தெரியும். கோட்டருகே மட்டும் காத்திருப்பு நீள்வதே இந்தப் பிழையின் அடையாளம்.

சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்துத் தேடுவது வழக்கமான பரிகாரம். அதுவும் முழுமையானதல்ல. ஆறெழுத்து அளவில் இந்த ஒன்பது கட்டங்கள் உறுதியளிப்பது 0.6 கி.மீ. ஆரத்துக்குள் மட்டுமே. கிழக்கே 1.5 கி.மீ. தொலைவில் ஓர் ஆட்டோ அகப்பட்டதும் தேடலை நிறுத்தினால், வடக்கே 1.3 கி.மீ. தொலைவில் இருப்பது விடுபட்டுவிடலாம். கிடைத்த ஆட்டோவின் தூரம் உறுதியான தூரத்துக்குள் வரும்வரை வளையத்தை விரிக்க வேண்டும்.

1974இல் ஃபிங்கெலும் பென்ட்லியும் முன்வைத்த குவாட்ரீ அமைப்பிலிருந்து வளர்ந்த ஒரு வடிவம், ஆட்கள் மிகுந்த கட்டத்தை மட்டும் நான்காகப் பிளக்கும். அசையாத கடைகளைத் தேட அது சிறந்தது. சில நொடிக்கொருமுறை இடம் மாறும் ஆட்டோக்களுக்கோ மரத்தைப் பிளப்பதும் சேர்ப்பதுமே வேலையாகிவிடும். நிலையான கட்டமானால் பழைய பட்டியலிலிருந்து நீக்கிப் புதியதில் சேர்த்தால் முடிந்தது. இவ்வளவு சிறிய நகருக்கு ஜியோஹேஷே போதும்.

ஜியோஹேஷ், குவாட்ரீ இரண்டும் சாலையை அறியா. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த அத்திவரதர் வைபவத்தின்போது நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டன. சாலைகள் தடுக்கப்படும் அத்தகைய நாளில், தடுப்புக்கு அப்பால் 300 மீட்டரில் நிற்கும் ஆட்டோவைவிட, திறந்த சாலையில் 2 கி.மீ. தள்ளி வருவது முந்தும். எனவே கட்டத்தேடல் தரும் பத்திருபது பேரை, மூடிய சாலைகளை நீக்கிய வரைபடத்தில் பயண நேரப்படி மீண்டும் வரிசைப்படுத்திய பிறகே அழைப்பு அனுப்பப்பட வேண்டும்.