லாபம் இருக்கு, காசு எங்கே? திருப்பூர் பில்லும் 43பி-யும்

இன்னிக்கு திருப்பூர் போகலாம். பனியன் கம்பெனிக்குத் துணி பின்னிக் கொடுக்குற ஒரு சின்ன நிட்டிங் யூனிட்னு வெச்சுக்குங்க. நூல் கம்பெனியோடது, இவருக்குக் கூலி மட்டும்.

ஜனவரி 10-ல் துணி கொடுத்து 10 லட்சத்துக்கு பில் போட்டார். சம்பளம், கரண்ட், ஊசி, ஆயில் எல்லாத்துக்கும் 7 லட்சம் கையிலிருந்து கொடுத்தாச்சு. மார்ச் 31 வரை வந்தது 2 லட்சம்தான்.

பில் போட்ட அன்றே வருமானம் என்று எழுதுவது அக்ருவல் முறை. அதுபடி அவருக்கு 3 லட்சம் லாபம். காசு வந்தால்தான் வருமானம் என்பது கேஷ் முறை. அதுபடி 5 லட்சம் பள்ளம். நடுவுல இருக்குறது வசூலாகாத 8 லட்சம். லாபம் 3-லிருந்து பாக்கி 8-ஐக் கழிச்சா, கைக்காசு கணக்கு சரியா வந்துடும். லாபம் ஏற ஏற பாக்கியும் அதைவிட வேகமா ஏறினா, உஷாராகணும்.

கேஷ் முறையிலேயே எழுதலாமேன்னு கேட்பீங்க. தனிநபரும் பார்ட்னர்ஷிப்பும் எழுதலாம். கம்பெனிகளுக்கு 1988 திருத்தத்தோட அந்த வழி அடைஞ்சுபோச்சு. பாதி இது, பாதி அது என்று கலந்து எழுதுவதும் 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிக் கணக்கில் செல்லாது.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. அந்த 8 லட்சத்தைக் கொடுக்காமலே, வாங்கினவர் அதைச் செலவுன்னு காட்டி வரியைக் குறைச்சுக்கிட்டார். இது பழைய தந்திரம்தான். ஒரு காலத்துல விற்பனை வரியை அரசுக்குக் கட்டாமலே செலவுன்னு எழுதினாங்க. அதைத் தடுக்க 1983 நிதிச் சட்டம் 43பி பிரிவைக் கொண்டுவந்தது: கட்டினால்தான் செலவு. அக்ருவல் கணக்குக்குள்ள கேஷ் விதி நுழைஞ்சது அப்படித்தான்.

அரசோட பாக்கிக்குக் கிடைச்ச அந்தப் பாதுகாப்பு, சின்ன யூனிட்டோட பாக்கிக்குக் கிடைக்க 40 வருஷம் ஆச்சு. 2023 நிதிச் சட்டம் அதே பிரிவுல (எச்) உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கணும். நம்ம பில்லுக்கு அந்த 45 நாள் பிப்ரவரி 24-லேயே முடிஞ்சுது. மார்ச் 31-லும் பாக்கி நின்னதால, அந்த 8 லட்சம் வாங்கினவரோட லாபத்துல ஏறும். 30 சதவீதம்னா, செஸ் இல்லாமலே 2.4 லட்சம் கூடுதல் வரி. அப்புறம் பணம் கொடுக்குற வருஷத்துலதான் அது செலவாகும்.

2024 தொடக்கத்தில் இதைத் தள்ளிவைக்கச் சொல்லி வர்த்தக அமைப்புகள் கேட்டன. ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடுமோங்குற பயம் சின்ன யூனிட்டுகளுக்கும் இருந்தது.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கு. சட்டம் வாங்கினவரைத்தான் பிடிக்குது. அக்ருவல்ல எழுதுற நிட்டிங் யூனிட்காரர், வராத பணத்தோட லாபத்துக்கு இன்னிக்கும் வரி கட்டித்தான் ஆகணும்.