சுள்ளி யாருடையது?

இன்னைக்கு எபிசோடை எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். திருத்தங்கல்னா பலருக்கும் மலைமேல இருக்கிற நின்ற நாராயணப் பெருமாள் கோவிலும், சுத்துப்பட்டு பட்டாசு ஆலைகளும்தான் ஞாபகம் வரும். எனக்கு முதல்ல வர்றது கண்மாய்க்கரை அய்யனார். அங்கே காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுக்கக்கூடாதுன்னு அப்பத்தா சொல்லும். "அது சாமியோடது." ஆனா பொங்கல் வைக்கிற அன்னைக்கு அதே சுள்ளியை அங்கேயே எரிப்பாங்க!

இந்த முரண்ல ஒரு பெரிய விவாதமே இருக்கு. 1970-களில் மாதவ் காட்கில், வர்த்தக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கோவில்காடுகளைப் பார்த்தார்கள். சுற்றிலும் காடு அழிந்த இடத்தில், பழைய காட்டின் மிச்சம் சாமி பெயரில் பிழைத்திருந்தது. அதனால் இது மக்களின் பாரம்பரிய இயற்கைப் பாதுகாப்பு என்ற பார்வை பரவியது.

1999-ல் ரிச் ஃப்ரீமேன் கேரளக் காவுகளை வைத்து இதை மறுத்தார். அங்கே காடு தெய்வத்தின் சொத்து. மரத்தைக் காப்பாற்றணும்ங்கிறது விதி இல்லை. சாமி சொத்தைத் தொடாதே என்பதுதான் விதி. சாமிக்கே தேவைன்னா வெட்டலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? பல ஊர்களில் கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி மரங்களை எடுத்துட்டு கான்கிரீட் மண்டபம் கட்டுறாங்க. நாம அதை "பக்தி குறைஞ்சுபோச்சு"ன்னு நினைக்கிறோம். அவங்களுக்கோ அதுவும் பக்திதான். காடு குறையுது, சாமி மேல பயம் அப்படியே இருக்கு. ஆக, நம்பிக்கையே காட்டைக் காப்பாத்திடும்னு விட்டுட முடியாது.

அப்போ சட்டம்? திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோவில் காடு இருக்கு. பரப்பு 4.97 ஹெக்டேர்தான். 2025 மார்ச்சில் தமிழக அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37-வது பிரிவு இதற்கு வழி தருகிறது. ஊர் மக்களின் வழக்கமான வழிபாட்டைத் தடுப்பது இதன் நோக்கம் இல்லை. இனி அந்த இடத்துக்கு அரசாணையில் ஒரு பெயர் உண்டு.

ஆனா அந்தப் பெயர் எவ்வளவு தூரம் காக்கும்? மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022-லேயே இதே அந்தஸ்தைப் பெற்றது. சுமார் 193 ஹெக்டேர். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் போன நிலம் சுமார் 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலமும் அதற்குள்ளேயே மாட்டிக்கிட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதற்கு முன்னாடி ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கவேண்டியிருந்தது.

அடுத்த தடவை கோவில்காட்டுக்குப் போனா, மரம் எத்தனைன்னு மட்டும் எண்ணாதீங்க. எதை வெட்டலாம், எதை எடுக்கலாம்னு அங்கே யார் முடிவு பண்றாங்கன்னு கேளுங்க. அப்பத்தா காலத்தில் அதற்குப் பதில் இருந்தது. இன்னைக்கு அந்த இடத்தில் கோவில் கமிட்டி இருக்கு, அரசாணை இருக்கு, சில சமயம் ஏல அறிவிப்பும் இருக்கு.