மொழி மாறினாலும் களவு களவுதான்: கோல்ரிட்ஜும் ஷெல்லிங்கும்

கம்பஸில் அசைன்மென்ட் காலம் வந்தால் ஒரு நியாயம் கட்டாயம் காதில் விழும். "இங்கிலிஷ் கட்டுரையை அப்படியே கொப்பி பண்ணினாத்தான் களவு. நான் அதைத் தமிழாக்கியெல்லோ எழுதினனான். ஒவ்வொரு சொல்லையும் தேடிப் போட்டது நான்தானே." வேறொரு மொழிக் கட்டுரையை இங்கிலிஷுக்குக் கொண்டுவந்து சஞ்சிகைக்கு அனுப்புகிறவர்களிடமும் இதே நியாயம் இருக்கும்.

இதில் பாதி உண்மை. மொழிபெயர்ப்பு லேசான வேலை இல்லை. ஆனால் அந்த உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய பெயர் 'மொழிபெயர்ப்பாளர்'. கேள்வியை யோசித்தது, நூல்களைத் தேடியது, வாதத்தை ஒரு ஒழுங்கில் அடுக்கியது எல்லாம் இன்னொருவர். தலைப்புக்குக் கீழே உங்கள் பெயரை மட்டும் போட்டால் அவருடைய உழைப்புக்கும் சேர்த்தே பெயர் வாங்குகிறீர்கள்.

இந்த வழக்கு புதிதில்லை. இருநூறு வருடத்துக்கு முதலே ஆங்கில இலக்கியத்தின் பெரிய பெயர் ஒன்று இதில் மாட்டுப்பட்டது. இன்றைக்குச் சொல்லப்படுகிற சாட்டுகள் அனேகமாக எல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன.

சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜை ஏ.எல்.லில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேர்ட்ஸ்வர்த்தின் கூட்டாளி, அல்பட்ரோஸ் பறவையைக் கொன்ற மாலுமியின் கதையைப் பாடியவர். 1798இல் ஜேர்மனிக்குப் போய், கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் கேட்டு, அடுத்த வருடம் நல்ல ஜேர்மன் அறிவோடு திரும்பினார். அந்த நேரம் இங்கிலாந்தில் ஜேர்மன் வாசிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்துக் களவெடுக்கிறவருக்குப் பாதுகாப்பே, வாசகருக்கு அந்த மொழி தெரியாது என்பதுதான்.

1802 செப்டெம்பரில் 'மோர்னிங் போஸ்ட்' பத்திரிகையில் அவருடைய பாடல் ஒன்று வந்தது. அல்ப்ஸ் மலையில் சமோனிப் பள்ளத்தாக்கின் சூரிய உதயத்தைப் பற்றியது. கோல்ரிட்ஜ் சமோனியைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் பாடலுக்கு முன் போட்ட குறிப்பு, நேரில் போய்ப் பார்த்த ஆள் எழுதியதுபோல இருக்கும். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் மலையில் நின்றபோது பாடல் தன்னையறியாமல் பொங்கி வந்தது என்றும், அந்தச் சின்ன மலைக்கு இவ்வளவு பெரிய எண்ணம் பொருந்தாது என்று அல்ப்ஸுக்கு மாற்றியதாகவும் சொன்னார். உண்மையில் அந்தப் பாடலின் கரு ஃப்ரீடரிக்க ப்ரூன் என்ற பெண் கவிஞர் ஜேர்மனில் எழுதிய 20 வரிப் பாடல். கோல்ரிட்ஜ் அதை 85 வரியாக்கினார். ப்ரூனின் பெயர் எங்கேயும் இல்லை.

கோல்ரிட்ஜின் பாடல் ப்ரூனின் பாடலைவிடப் பெரியது, முழக்கமும் கூட. இருக்கலாம். 'ப்ரூனைத் தழுவியது' என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பெருமை ஒரு துளியும் குறைந்திராது.

ஆனாலும் கவிதையில் தழுவலுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று வாதாடலாம். 1817இல் வந்த 'பயோகிராபியா லிட்டரேரியா' அப்படியில்லை. தன் இலக்கிய வாழ்க்கையையும் கற்பனை பற்றிய தத்துவத்தையும் கலந்து எழுதிய நூல் அது. 1815இல் உடம்பு சரியில்லாமல், அபின் பழக்கத்தோடு, கடனோடு, நண்பர் ஜோன் மோர்கன் பக்கத்திலிருந்து எழுத, இவர் சொல்லச் சொல்ல உருவானது. அதன் 12ஆம் அத்தியாயத்தில் 'நான்' என்கிற உணர்வு எப்படி அறிவுக்கு அடிப்படையாகிறது என்று பத்து முடிபுகளாக ஒரு வாதம் வருகிறது. அதற்குள்ளும் அதைச் சுற்றியும் பக்கம் பக்கமாக இருப்பது ஜேர்மன் தத்துவஞானி ஷெல்லிங்கின் வசனங்கள். பெரும்பாலும் 1800இல் வந்த அவருடைய 'கடந்தநிலைக் கருத்துமுதல்வாதத்தின் ஒழுங்குமுறை' என்ற நூலிலிருந்தும், 1809இல் வந்த தத்துவக் கட்டுரைத் தொகுப்பிலிருந்தும் எடுத்தவை.

கோல்ரிட்ஜ் முழுவதையும் ஒரேயடியாகத் தூக்கவில்லை. ஷெல்லிங்கின் ஒரு பந்தி, நடுவில் தன்னுடைய நாலு வசனம், பிறகு வேறோர் இடத்து ஷெல்லிங். ஷெல்லிங் 'தன்னுணர்வு' என்று நிறுத்துகிற இடத்தில் இவர் பைபிளில் கடவுள் தன்னைச் சொல்லும் 'நான் இருக்கிறேன்' என்பதைச் சேர்த்து, வாதத்தைச் சமயப் பக்கம் திருப்புகிறார். அது அவருடைய சொந்தச் சரக்கு, நல்ல சரக்கும்கூட. ஆனால் ஷெல்லிங் எங்கே முடிகிறார், கோல்ரிட்ஜ் எங்கே தொடங்குகிறார் என்று வாசகருக்குத் தெரியாது. அதனால் அவருடைய உண்மையான பங்களிப்பும் சந்தேகத்தில் விழுந்துவிட்டது. களவெடுத்த பக்கம், களவெடுக்காத பக்கத்தையும் கெடுத்துவிடும்.

"அவர்தான் ஷெல்லிங்கின் பெயரைச் சொல்லியிருக்கிறாரே" என்பது அன்றிலிருந்து வருகிற பதில். சொல்லியிருக்கிறார்தான். 9ஆம் அத்தியாயத்தில் ஷெல்லிங்கைப் புகழ்கிறார். தன் நூலில் ஷெல்லிங்கை ஒத்த கருத்து ஏதும் கண்டால் அது ஷெல்லிங்குடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள், களவு என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்கிறார். அதோடு சேர்த்து, முக்கியமான கருத்துகள் எல்லாம் ஷெல்லிங்கை ஒரு பக்கம்கூட வாசிக்க முதலே தன் மனதில் உருவாகிவிட்டன என்றும் சொல்கிறார். கையில் காசு இல்லாததால் ஷெல்லிங்கின் இரண்டு புத்தகங்களும் ஒரு சிறு பிரசுரமும்தான் வாங்க முடிந்தது என்று ஒரு குறை வேறு. அந்த இரண்டு புத்தகங்களும் எவை தெரியுமா? மேலே சொன்ன அதே இரண்டும்தான்.

கோல்ரிட்ஜ் 1834 ஜூலையில் இறந்தார். இரண்டு மாதம் போகவில்லை, தோமஸ் டி குயின்சி 'டெய்ட்ஸ்' சஞ்சிகையில் விஷயத்தை உடைத்தார். எதிரி அல்ல. இளவயதில் கோல்ரிட்ஜின் பரம ரசிகர், 1807இல் தன் பெயரைச் சொல்லாமல் 300 பவுண் கொடுத்து உதவியவர். ஜேர்மன் வாசிப்பவர் என்பதால் ப்ரூனையும் கண்டார், ஷெல்லிங்கையும் கண்டார். உடனே மறுப்பும் வந்தது. செத்த ஆளைப் பற்றி இப்படி எழுதலாமா என்ற கோபம் அதில் பாதி.

கோபத்தை ஆதாரத்தால் அடக்கியவர் ஜேம்ஸ் ஃபெரியர் என்ற ஸ்கொட்லாந்துத் தத்துவ மாணாக்கர். 1840 மார்ச்சில் 'பிளாக்வுட்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் அவர் செய்த வேலை எளிமையானது, ஆனால் அலுப்பானது. கோல்ரிட்ஜின் பக்கத்தைத் திறந்து வைத்து, ஷெல்லிங்கின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் பக்க எண் கொடுத்துக்கொண்டே போனார். கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் என்று சொல்லக்கூடியது மட்டும் 19 பக்கம் வந்தது. 9ஆம் அத்தியாயத்துப் பொதுவான நன்றி இதற்குப் போதாது என்றும் காட்டினார். 'என் கருத்து இவருடையதோடு ஒத்துப்போகலாம்' என்று சொல்வது வேறு, 'அடுத்த மூன்று பக்கம் இவர் எழுதியது' என்று சொல்வது வேறு. முதலாவது வாசகரை ஏமாற்றவே உதவுகிறது, ஏனென்றால் அதை வாசித்தவர் 12ஆம் அத்தியாயத்துக்கு வரும்போது ஒற்றுமையைத்தான் எதிர்பார்ப்பார், மொழிபெயர்ப்பை அல்ல.

5ஆம் அத்தியாயத்திலும் இதே கதை. எண்ணங்கள் ஒன்றையொன்று தொடரும் விதம் பற்றி அரிஸ்டோட்டில் முதல் வீவெஸ் வரை லத்தீனும் கிரேக்கமுமாக மேற்கோள் காட்டி அசத்துகிறார். அந்தப் படிப்பில் பெரும்பகுதி, கற்பனை பற்றி மாஸ் என்ற ஜேர்மன் பேராசிரியர் எழுதிய நூலிலிருந்து வந்தது. இப்படியான களவைப் பிடிக்க இன்றைக்கும் நல்ல வழி இதுதான். ஒப்பீட்டு மென்பொருளில் பெரும்பாலானவை ஒரே சொற்றொடர் திரும்ப வருகிறதா என்றே பார்க்கும், மொழி மாறினால் அதற்குக் கண் தெரியாது. ஆனால் மேற்கோள்கள் மாறுவதில்லை. அதே பழைய நூல்கள், அதே வரிசை, அதே உதாரணங்கள் வந்தால், எந்த மொழியில் எழுதியிருந்தாலும் அது இன்னொருவருடைய தேடல். இலங்கைத் தரவே இல்லாத தமிழ்க் கட்டுரையில் எங்கோ ஒரு வெளிநாட்டுச் சிறு நகரம் உதாரணமாக வந்து நின்றால், விரிவுரையாளருக்கு அதுவே காணும்.

"இந்த விதியெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, எங்கட மரபில எல்லாரும் எடுத்து எழுதினவைதானே" எண்டும் சிலர் சொல்லுவினம். எடுத்து எழுதியது உண்மை. ஆனால் தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, மொழிபெயர்த்துச் செய்வதை வழிநூலின் ஒரு வகையாகத் தெளிவாகவே வைக்கிறது. நன்னூல் ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை என்று எட்டைக் கூறுகிறது. ஆக்கியவர் பெயருக்கு அடுத்தே வருவது 'வழி', அதாவது இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பது. கம்பர் தன் பாயிரத்திலேயே வான்மீகிக்குப் பின்னால் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார். வடமொழி தண்டியின் நூலைத் தமிழில் தந்தவரோ நூலுக்கே 'தண்டியலங்காரம்' என்று பெயர். எடுத்ததை மறைப்பது இந்த மரபில் இல்லை.

கோல்ரிட்ஜ் குடும்பத்துக்கு வருவோம். மகள் சேரா, கணவர் தொடங்கி விட்டுப்போன வேலையை முடித்து 1847இல் நூலைப் புதிதாகப் பதிப்பித்தார். நல்ல ஜேர்மன் தெரிந்தவர். அப்பாவுக்காக நீண்ட முன்னுரையில் வாதாடினார். வருத்தம், குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தது தன்னுடையதா மற்றவருடையதா என்று பிரிக்க முடியாத ஞாபகம், வேண்டுமென்று செய்யவில்லை என்றெல்லாம் சொன்னார். ஆனால் அதே பதிப்பின் குறிப்புகளில், இந்தப் பந்தி ஷெல்லிங்கின் இன்ன இடம் என்று தானே தேடித் தேடிக் காட்டினார். அப்பா போடாமல் விட்ட குறிப்புகளை மகள் போட்டார். அந்த முன்னுரையைவிட இந்தக் குறிப்புகளே கோல்ரிட்ஜின் பெயருக்கு அதிக நன்மை செய்தன என்பது என் எண்ணம்.

ஷெல்லிங் என்ன சொன்னார்? கோபப்படவில்லை. புராணவியல் பற்றிய தன் விரிவுரைகளில் கோல்ரிட்ஜ் உருவாக்கிய ஒரு கலைச்சொல்லை எடுத்தாண்டு, அது கோல்ரிட்ஜுடையது என்று பெயரும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே, அவருடைய நாட்டவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்த கடன்களை எல்லாம் தான் சந்தோஷமாக மன்னிப்பதாகவும் எழுதினார். ஒரே ஒரு சொல்லை எடுத்தவர், எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டு எடுத்தார்.

அந்த மன்னிப்பு ஷெல்லிங்கின் பங்குக்கு மட்டும்தான். மாஸ் 1823இலேயே இறந்துவிட்டார். 1817இல் காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கி, 12ஆம் அத்தியாயத்தில் விளங்காத ஒரு வசனத்தில் நின்று, இதை விரிவாக எங்கே வாசிக்கலாம் என்று தேடிய ஆங்கில வாசகருக்கு, ஷெல்லிங்கின் புத்தகத்துக்குப் போகும் பாதை இன்னும் 20 வருடத்துக்கு மேலாகத் திறக்கவில்லை.